திரிபதாகம் சரியா, படம் சரியா? ஹஸ்தப் படங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

என்னிடம் நான்கு வருடமாகப் பரதநாட்டியம் படிக்கும் ஒரு மாணவி போன மாதம் நான்கு படங்கள் அனுப்பியிருந்தாள். நான்கிலும் வலது கை திரிபதாகம், அதாவது மோதிர விரலை மட்டும் மடக்கிப் பிடிக்கும் ஹஸ்தம், கை முத்திரை. "டீச்சர், இதுல எது சரியா இருக்கு?" என்று கேட்டிருந்தாள். பார்த்த மாத்திரத்தில் இரண்டாவது படத்தைத்தான் சொல்லத் தோன்றியது. வெளிச்சம் அழகாக விழுந்து, விரல் ஒவ்வொன்றும் செதுக்கி வைத்த மாதிரி இருந்தது. அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் நான்கிலும் வடிவம் அதிகம் தவறியிருப்பது அந்தப் படத்தில் என்று புரிந்தது. கலங்கலாக இருந்த மூன்றாவது படத்தில்தான் கை கிட்டத்தட்ட ஒழுங்காக இருந்தது.

இது எனக்குப் புதிதில்லை. நல்ல படம் தவறான கையைச் சரி போலக் காட்டும், மோசமான படம் சரியான கையைத் தவறு போலக் காட்டும். அதனால் படங்களை ஒப்பிடும்போது இரண்டு கேள்விகளைக் கலக்காமல் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கை சரியாகப் பிடிக்கப்பட்டிருக்கிறதா என்பது ஒன்று, பிடித்தது படத்தில் தெரிகிறதா என்பது இன்னொன்று. முதலாவதை இங்கே வடிவம் என்றும் இரண்டாவதைத் தெளிவு என்றும் சொல்கிறேன். நான் செய்யும் முறையை அந்த நான்கு படங்களையே வைத்து எழுதுகிறேன், திரிபதாகத்துக்குப் பொருந்துவது மற்ற ஒற்றைக் கை ஹஸ்தங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எதை வைத்து அளக்கிறோம்

படத்தைத் திறப்பதற்கு முன்பே இதை முடிவு செய்துகொள்ளுங்கள். அபிநய தர்ப்பணம் என்ற நூல் சொல்லும் ஒற்றைக் கை ஹஸ்தங்கள் 28, நாட்டிய சாஸ்திரம் சொல்பவை 24. பெயர் ஒன்றாக இருந்தாலும் பிடிக்கும் விதம் பாணிக்குப் பாணி கொஞ்சம் மாறும். கடகாமுகத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் வழக்கத்தில் இருக்கின்றன. பதாகத்தில் விரல்கள் நேராக நின்றால் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள், லேசாகப் பின்னால் வளைய வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். எங்கிருந்தோ எடுத்த ஓர் அழகான படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "இது மாதிரி இல்லையே" என்று மாணவியின் கையைக் குறை சொன்னால், சில சமயம் இன்னொரு பாணியை வைத்து அவளுடைய பாணியைத் திருத்திக்கொண்டிருப்போம்.

அதனால் நான் ஒரு தாளில் அந்த ஹஸ்தத்தை வாக்கியமாக எழுதிவிடுவேன். திரிபதாகத்துக்கு நான் எழுதி வைத்திருப்பது இது: ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல் மூன்றும் நேராக நிமிர்ந்திருக்க வேண்டும். மோதிர விரல் மட்டும் நடுக்கணுவில் ஏறக்குறைய செங்கோணமாக முன்பக்கம் மடங்க வேண்டும், அதன் அடிப்பாகம் மற்ற விரல்களோடு ஒரே தளத்தில் நிற்க வேண்டும். கட்டைவிரல் மடங்கி ஆள்காட்டி விரலின் அடியோரம் ஒட்டியிருக்க வேண்டும். விரல்களுக்கு நடுவே இடைவெளி கூடாது. உள்ளங்கை குழியாமல் தட்டையாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். உங்கள் குரு சொல்லிக்கொடுத்தது இதிலிருந்து மாறினால் அதை எழுதிக்கொள்ளுங்கள். முக்கியம் என்னவென்றால், எழுதியதை வைத்துத்தான் பார்க்க வேண்டும், நினைவில் இருக்கும் ஏதோ ஓர் அழகான கையை வைத்து அல்ல.

மாதிரிப் படம் வேண்டுமென்றால் குருவின் கையைப் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் இரண்டு பேருடைய விரல் நீளம் ஒன்றாக இருக்காது, சிலருக்கு ஆள்காட்டி விரலைவிட மோதிர விரல் நீளம், சிலருக்குச் சுண்டுவிரல் மோதிர விரலின் நுனிக்கணுவைக்கூடத் தொடாது. எனவே இன்னொருவர் கையோடு ஒப்பிடும்போது கணுக்கள் எங்கே மடங்குகின்றன, எவ்வளவு மடங்குகின்றன என்பதை மட்டும் பாருங்கள். விரல் நுனிகள் எந்த உயரத்தில் நிற்கின்றன என்று பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். முன்னேற்றத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த மாணவியின் பழைய படத்தைவிட நல்ல மாதிரி கிடையாது.

எந்தக் கோணத்தில் எது தெரியும்

இந்த வேலையில் தவறு நடப்பதெல்லாம் பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கை முப்பரிமாணப் பொருள், படம் தட்டை. கேமராவை நோக்கி நீளும் விரல் படத்தில் குறுகிப்போகும், சில சமயம் மறைந்தே போகும். சூசி பிடித்த கையை விரல் நம்மை நோக்கி நீட்டியபடி எடுத்துப் பாருங்கள், ஆள்காட்டி விரல் ஒரு புள்ளியாகச் சுருங்கி முஷ்டி போலத் தெரியும். சந்திரகலாவில் இதே நடந்தால் நிமிர்ந்த கட்டைவிரல் மட்டும் மிஞ்சும், பார்க்கிறவர் அதைச் சிகரம் என்பார். கர்த்தரீமுகத்துக்கு உயிரே ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் நடுவில் இருக்கும் பிளவுதான். பக்கவாட்டில் எடுத்தால் ஒரு விரல் இன்னொன்றை மறைத்துவிடும், அப்போது அது அந்த இரண்டு விரலும் ஒட்டி நிற்கும் அர்த்தபதாகம் மாதிரி ஆகிவிடும். மயூரத்தில் கட்டைவிரலைத் தொடுவது மோதிர விரல், ஹம்சாஸ்யத்தில் ஆள்காட்டி. புறங்கைப் பக்கம் இருந்து எடுத்தால் எது எதைத் தொடுகிறது என்பதே தெரியாமல் போகலாம்.

ஒவ்வொரு ஹஸ்தத்திலும் அதை அதன் பக்கத்து ஹஸ்தத்திலிருந்து பிரித்துக் காட்டும் இடம் ஒன்று இருக்கிறது. கர்த்தரீமுகத்தில் அந்தப் பிளவு, மயூரத்தில் நுனிகள் தொடும் இடம், மிருகசீர்ஷத்தில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் நிமிர்ந்து நிற்பது. படமெடுக்கும்போது முதலில் இந்த இடம் தெரிகிறதா என்று பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

திரிபதாகத்தில் இது சுலபமில்லை. உள்ளங்கைக்கு நேர் எதிரே நின்று எடுத்தால் விரல்களுக்கு நடுவே இருக்கும் சந்து நன்றாகத் தெரியும், சுண்டுவிரல் விலகிப்போகிறதா என்பதும் தெரியும். ஆனால் மோதிர விரலின் மடிப்பு கேமராவை நோக்கி வருவதால் அது செங்கோணமா, பாதிதான் மடங்கியிருக்கிறதா என்று சொல்ல முடியாது. ஆள்காட்டி விரல் பக்கத்திலிருந்து எடுத்தால் கட்டைவிரல் ஒட்டியிருக்கிறதா, மோதிர விரல் எவ்வளவு முன்னால் வந்திருக்கிறது என்பதெல்லாம் தெரியும், ஆனால் மற்ற விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்துவிடும். ஆகவே ஒரே படத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது. நேர்ப்படம் ஒன்று, பக்கப்படம் ஒன்று, சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து ஏறக்குறைய 45 பாகையில் ஒன்று என மூன்று படமாக எடுங்கள். கை அசையாமல் இருக்க, கேமராதான் சுற்றி வர வேண்டும். கையைத் திருப்பினால் மணிக்கட்டோடு விரல்களும் கொஞ்சம் மாறிவிடும், அப்புறம் மூன்று படமும் மூன்று வேறு கைகளாகிவிடும்.

படமெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

கேமராவை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகிற மாதிரி கைக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். ஒரு முழ தூரத்தில் வைத்துக் கைபேசியில் எடுத்தால் முன்னால் இருக்கும் விரல் பருத்தும் நீண்டும், பின்னால் இருப்பது சிறுத்தும் தெரியும். கை மாறியதால் வருவதில்லை அது, தூரத்தால் வருவது. இரண்டு மீட்டர் தள்ளி நின்று, கைபேசியில் இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். கேமரா கையின் உயரத்திலேயே இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்க தரையில் ஒரு டேப் ஒட்டிவைத்தால் போன மாதப் படத்தையும் இந்த மாதப் படத்தையும் தைரியமாகப் பக்கத்தில் வைக்கலாம்.

வெளிச்சம் நேராக முன்னாலிருந்து விழக் கூடாது, பக்கவாட்டில் சாய்ந்து விழ வேண்டும். விரலுக்கும் விரலுக்கும் நடுவே இருக்கும் சிறு நிழல்தான் நமக்குச் சந்து எங்கே என்று சொல்கிறது, கைபேசியின் ஃபிளாஷ் அந்த நிழலை அழித்துவிடும். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நின்றாலே போதும். பின்னணி வெறுஞ்சுவராக இருக்கட்டும். விரல் நுனிகளில் செம்பஞ்சுக் குழம்பு பூசியிருந்தால் நுனிகள் எங்கே முடிகின்றன என்பது பளிச்சென்று தெரியும், ஆனால் அதே கை சிவப்புப் பட்டுக்கு முன்னால் வந்தால் நுனிகள் துணியோடு கரைந்துவிடும். அரங்கப் படங்களில் அழகாக இருக்கும் கைகளில் பாதி இப்படித்தான் கண்ணுக்குத் தப்புகின்றன.

கைபேசியில் மூன்று விஷயங்களை அணைத்துவிடுங்கள். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் வசதி விரல்களின் ஓரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும், முக்கியமாக விரித்த விரல்களுக்கு நடுவே. தோலை வழவழப்பாக்கும் வசதி கணுக்களின் கோடுகளை அழித்துவிடும், மடிப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க நமக்கு அந்தக் கோடுகள் வேண்டும். முன்பக்கக் கேமராவில் எடுத்தால் சில கைபேசிகள் படத்தை இடம்வலம் மாற்றிச் சேமிக்கும், வலது கையை இடது கை என்று நினைத்து ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் படம் சுருங்கி, பெரிதாக்கிப் பார்க்கும்போது விரல் ஓரங்கள் கட்டம் கட்டமாகிவிடும்.

பிடித்து நிறுத்திய கைக்கு ஷட்டர் வேகம் 1/250 போதும். ஆடும்போது எடுப்பதென்றால் 1/500 அல்லது அதற்கு மேல் வேண்டும், ஏனென்றால் மணிக்கட்டைவிட விரல் நுனிதான் வேகமாக நகரும், மணிக்கட்டு தெளிவாக இருந்தாலும் நுனி கலங்கும். வீடியோவிலிருந்து ஒரு காட்சியைப் பிடிப்பதானால் தாளத்தில் கை வந்து நிற்கும் அந்த நொடியை எடுங்கள். கை நகர்ந்துகொண்டிருக்கும்போது எடுத்த காட்சியை வைத்து வடிவம் தவறு என்று சொல்வது நியாயமாகாது.

ஒப்பிடும் வரிசை

படங்கள் வந்துவிட்டன. முதலில் ஒவ்வொன்றையும் மணிக்கட்டுக்குக் கொஞ்சம் கீழே வரை வெட்டிக்கொள்ளுங்கள். முகம் இருந்தால் கண் முகத்துக்குத்தான் போகும், சிரித்த முகத்தோடு இருக்கும் கை சரியாக இருப்பதாகத் தோன்றும், இது எல்லோருக்கும் நடக்கிறது. நகையும் உடையும் அப்படியே. வெட்டிய பிறகு கைகள் ஒரே அளவாகத் தெரியும்படி பெரிதாக்கி, மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை போகும் கோடு எல்லாப் படத்திலும் நேர்குத்தாக நிற்கும்படி சுழற்றிவிடுங்கள். சாய்ந்து நிற்கும் கையையும் நிமிர்ந்து நிற்கும் கையையும் நம் கண்ணால் சரியாக ஒப்பிட முடிவதில்லை. இடது கையை வலது கையோடு பார்க்க வேண்டுமென்றால் ஒன்றைக் கண்ணாடி போலத் திருப்பிக்கொள்ளலாம்.

இப்போது வடிவம். கட்டைவிரலிலிருந்து தொடங்குங்கள். இது என் பழக்கம், ஆனால் காரணம் இருக்கிறது: நாம் பார்க்கும்போது கண் முதலில் நீண்ட விரல்களுக்குப் போய்விடும், கட்டைவிரலை யாரும் பார்க்க மாட்டார்கள், அதனாலேயே ஆடுபவரும் அதை மறந்துவிடுவார். திரிபதாகத்தில் மோதிர விரலில் கவனம் குவியும்போது கட்டைவிரல் மெதுவாக விலகி நிமிரத் தொடங்கும், இது நான் வாரா வாரம் பார்ப்பது. கட்டைவிரலுக்குப் பிறகு ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் என்று வரிசையாகப் போய், கடைசியில் உள்ளங்கையும் மணிக்கட்டும். நான்கு நீண்ட விரல்களிலும் அடிக்கணு, நடுக்கணு, நுனிக்கணு என்று மூன்று இடத்தையும் பாருங்கள், ஏனென்றால் பல தவறுகள் நுனிக்கணுவில்தான் ஒளிந்திருக்கின்றன. நேராக இருப்பதாகத் தெரியும் விரல் நுனியில் மட்டும் சற்றே கொக்கி போட்டிருக்கும். படத்தின் மேல் ஒரு காகித விளிம்பை வைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி, தவறு, தெரியவில்லை என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். இந்தத் "தெரியவில்லை" இல்லாமல் ஒப்பிடக் கூடாது. அது இல்லையென்றால் மறைந்திருக்கும் விரலைச் சிலர் சரி என்றும் சிலர் தவறு என்றும் ஊகித்துவிடுவார்கள், அப்புறம் இரண்டு பேர் ஒரே படத்தைப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒரு படத்தில் மூன்று நான்கு "தெரியவில்லை" வந்தால் அந்தப் படத்தை வடிவத்துக்காகப் பார்ப்பதை நிறுத்திவிட்டு வேறு கோணத்தில் கேளுங்கள்.

தெளிவை இதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும், முன்னால் பார்த்தால் அது வடிவத்தைப் பற்றிய தீர்ப்பை இழுத்துவிடும். தெளிவுக்கு என்னிடம் இரண்டே சோதனைகள். ஒன்று, படத்தைத் திரையில் கட்டைவிரல் நக அளவுக்குச் சிறிதாக்கி, ஹஸ்தம் தெரிந்த இன்னொருவரிடம் காட்டி, பெயரைச் சொல்லாமல் "இது என்ன?" என்று கேட்பது. தயங்காமல் சொன்னால் படம் தெளிவு. பதாகம் என்றோ அர்த்தபதாகம் என்றோ சொன்னால் எந்த விரல் அவரை ஏமாற்றியது என்று கேளுங்கள், பதில் மிகவும் உபயோகமாக இருக்கும். இரண்டாவது, படத்தைக் கறுப்புவெள்ளையாக்கி, மாறுபாட்டை முழுக்க ஏற்றி, நிழலுருவமாகப் பார்ப்பது. விரித்த விரல்கள் உள்ள அலபத்மம், திரிசூலம், சிம்மமுகம் போன்றவற்றுக்கு இது அருமையான சோதனை. ஆனால் கபித்தம் மாதிரி எல்லாமே உள்ளங்கைக்கு முன்னாலேயே நடக்கும் ஹஸ்தங்களுக்கு நிழலுருவம் ஒன்றும் சொல்லாது, அங்கே உள்ளே விழும் நிழலைத்தான் நம்ப வேண்டும்.

அந்த நான்கு படங்கள்

முதல் படம்: தங்கை மிக அருகிலிருந்து எடுத்தது, உள்ளங்கை நேராகத் தெரிகிறது. சுண்டுவிரல் சிறுத்து, மடங்கியது போல் இருந்தது. வடிவம் தவறு என்று எழுதப்போனேன், அப்புறம் கவனித்தால் கையின் ஆள்காட்டிப் பக்கம் கேமராவுக்கு நெருக்கமாகச் சாய்ந்திருந்தது. ஆள்காட்டியின் நுனியே சுண்டுவிரல் நுனியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலமாகத் தெரிந்தது, நிஜக் கையில் அவ்வளவு வித்தியாசம் இருக்காது. ஆக, சுண்டுவிரலுக்கு எதிரே "தெரியவில்லை". மோதிர விரலுக்கும் அதே. கட்டைவிரல் மட்டும் சரி.

இரண்டாவது படம்தான் நான் மயங்கியது. சலங்கை பூஜைக்காக அலங்காரம் செய்திருந்த அன்று எடுத்தது, செம்பஞ்சு பூசிய நுனிகள், பக்கவாட்டு வெளிச்சம், முக்கால் கோணம். எல்லாமே தெரிந்தது, அதனால்தான் தவறுகளும் தெரிந்தன. கட்டைவிரல் ஆள்காட்டியிலிருந்து விலகி ஒரு விரற்கடை இடைவெளியில் நின்றது. மோதிர விரல் நடுக்கணுவில் மடங்காமல் அடிக்கணுவிலிருந்தே முன்னால் சாய்ந்திருந்தது, அதனால் உள்ளங்கையும் குழிந்துவிட்டது. சுண்டுவிரல் வெளிப்பக்கம் விலகி, நடுக்கணுவில் வளைந்திருந்தது. மூன்று தவறு. ஆனால் சிறிதாக்கிக் காட்டியபோது என் தோழி உடனே திரிபதாகம் என்றாள்! தெளிவில் முதலிடம், வடிவத்தில் கடைசி.

மூன்றாவது வீடியோவிலிருந்து எடுத்தது, கைகளைப் பக்கவாட்டில் நீட்டும் நாட்டியாரம்ப நிலையில் கை நிற்கும் இடம். நுனிகள் கலங்கல். ஆனால் மோதிர விரலின் அடிப்பாகம் மற்ற விரல்களோடு ஒரே தளத்தில் நின்றது, மடிப்பு நடுக்கணுவில்தான் விழுந்தது, கட்டைவிரல் ஒட்டியிருந்தது. சுண்டுவிரல் மட்டும் லேசாக வளைந்திருந்தது. நுனிக்கணுக்கள் எல்லாம் "தெரியவில்லை". நான்காவது ஆள்காட்டிப் பக்கத்திலிருந்து எடுத்த பக்கப்படம், அதில் கட்டைவிரல் சரி, மோதிர விரலின் மடிப்பு செங்கோணத்துக்குக் கொஞ்சம் குறைவு, மற்றதெல்லாம் மறைந்திருந்தது.

நான்கையும் பக்கத்தில் வைத்ததில் ஒன்று புரிந்தது. கட்டைவிரல் மூன்று படத்தில் சரி, ஒன்றில் தவறு, எனவே அவளுக்குத் தெரியும், அலங்காரத்தோடு நிற்கும்போது கவனம் போய்விட்டது. சுண்டுவிரலோ தெரிந்த இரண்டு படத்திலும் வளைந்தே இருந்தது. இதுதான் உண்மையில் திருத்த வேண்டிய தவறு. ஒரு படத்தில் வரும் தவறையும் எல்லாப் படத்திலும் திரும்பி வரும் தவறையும் பிரித்துக் காட்டுவதால்தான் ஒன்றுக்குப் பல படமாகக் கேட்கிறேன்.

சுண்டுவிரல் ஏன் வளைகிறது

இதைச் சொல்லாமல் "சுண்டுவிரலை நேரா வை" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் மாணவி அழுதுவிடுவாள். விரல்களை மடக்கும் ஆழமான தசை முன்கையில் இருக்கிறது. ஆள்காட்டிக்கு அதில் ஓரளவு தனிப் பங்கு உண்டு, நடு, மோதிர, சுண்டு விரல்களின் நாண்களோ பெரும்பாலும் பொதுவான தசையிலிருந்தே வருகின்றன. விரல்களை நிமிர்த்தும் நாண்களும் புறங்கையில் சிறு குறுக்குப் பட்டைகளால் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. நடுவிரலை மடித்து மேசைமேல் கையைக் கவிழ்த்து, மற்ற விரல்களின் நுனியை ஊன்றிக்கொண்டு மோதிர விரலை மட்டும் தூக்கிப் பாருங்கள், எழும்பாது. அதே பிணைப்புதான் மோதிர விரல் மடங்கும்போது சுண்டுவிரலையும் கூட இழுக்கிறது. அது எவ்வளவு இழுக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

ஆகவே படத்தில் சுண்டுவிரல் வளைந்திருந்தால் அது கவனக்குறைவா, கையின் அமைப்பா என்று பார்க்க வேண்டும். அதற்கு இன்னும் இரண்டு படம் எடுங்கள். முதலில் பதாகம் பிடித்து நேராக ஒரு படம், பிறகு அதே இடத்தில் கையை எடுக்காமல் மோதிர விரலை மட்டும் மடக்கி ஒரு படம். பதாகத்திலேயே சுண்டுவிரல் வளைந்திருந்தால் விரல் முழுதாக நீட்டப்படவில்லை, அது பழக்கத்தால் வருவது. பதாகத்தில் நேராக இருந்து மோதிர விரல் மடங்கியதும் வளைந்தால் பிணைப்புதான் இழுக்கிறது. இரண்டு படத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பாதி ஒளிபுகும்படி வைத்துப் பார்த்தால், மணிக்கட்டும் ஆள்காட்டியும் பொருந்தி நிற்க, சுண்டுவிரல் எவ்வளவு நகர்ந்தது என்பது தனியாகத் தெரியும். படம் திருத்தும் எந்தச் செயலியிலும் அடுக்குகள் வைக்கும் வசதி இருந்தால் இதைச் செய்யலாம். மணிக்கட்டு பொருந்தவில்லை என்றால் கை நகர்ந்துவிட்டது, அந்த ஜோடியை விட்டுவிட்டு மறுபடி எடுங்கள்.

அந்த மாணவிக்கு இரண்டாவது வகை. மோதிர விரலைச் செங்கோணத்துக்குக் கொஞ்சம் குறைவாக மடக்கினால் சுண்டுவிரல் நிமிர்கிறது, முழுதாக மடக்கினால் வளைகிறது. பக்கப்படத்தில் மடிப்பு குறைவாகத் தெரிந்ததற்கும் காரணம் இப்போது புரிந்தது, அவள் தெரியாமலேயே சமாளித்திருக்கிறாள். அதனால் மடிப்பைக் குறைத்துப் பிடிக்கச் சொல்லவில்லை. இடது கையால் சுண்டுவிரலையும் நடுவிரலையும் நேராகத் தாங்கிக்கொண்டு மோதிர விரலை மெதுவாக மடக்கி, பத்து எண்ணும் வரை நிறுத்தி, தாங்கிய கையை விட்டுவிட்டு நிற்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். தினம் ஐந்து நிமிடம், வலித்தால் நிறுத்திவிட வேண்டும். கணுவில் வலி வருமளவுக்கு வளைக்கக் கூடாது, அது நாணைக் கெடுக்கும்.

படத்தால் முடியாதது

சில ஹஸ்தங்களைப் படத்தில் ஒப்பிடவே கூடாது. சந்தம்சம் விரல்கள் திரும்பத் திரும்பக் குவிந்து விரிவது, அதை நிறுத்திய படம் ஒரு நொடியில் பத்மகோசம் மாதிரியும் இன்னொரு நொடியில் முகுளம் மாதிரியும் இருக்கும். அங்கே வீடியோதான். அலபத்மத்தில் கடைசி வடிவத்தைப் படத்தில் பார்க்கலாம், ஆனால் விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மலரும் அழகைப் பார்க்க முடியாது, அடவு என்னும் ஆட்ட அசைவில் அதுதான் பெரும்பாலும் தவறுகிறது. கபித்தத்தில் ஆள்காட்டி கட்டைவிரலை அழுத்துகிறதா, சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறதா என்பதும் படத்தில் தெரியாது, நகத்தின் நிறம் வெளுத்திருப்பதை வைத்துச் சில சமயம் ஊகிக்கலாம், அவ்வளவே.

மூன்று வாரம் கழித்து அதே டேப் போட்ட இடத்தில், அதே ஜன்னல் வெளிச்சத்தில், மூன்று கோணத்திலும் மறுபடி எடுத்தாள். நேர்ப்படத்தில் சுண்டுவிரல் நடுக்கணுவில் நிமிர்ந்துவிட்டது, நுனிக்கணுவில் மட்டும் ஒரு சிறு கொக்கி மீதம். பக்கப்படத்தில் மோதிர விரல் செங்கோணம். கட்டைவிரல் மூன்றிலும் சரி. ஆனால் இதெல்லாம் முழங்கையை மடித்துக் கையை முகத்துக்கு எதிரே பிடித்து எடுத்தவை. நாட்டியாரம்பத்தில் கையை முழுக்க நீட்டி எடுத்த நான்காவது படத்தில் சுண்டுவிரல் பழையபடி வெளியே போயிருந்தது. அடுத்த தொகுதியை இரண்டு கையையும் தோள் உயரத்தில் நீட்டி, அரைமண்டியில் உட்கார்ந்து, ஒரு அடவை முடித்த உடனேயே எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.